டாக்டர் நர்ஸான பிறகு

இலோயிலோ நகரம்
10 ஜூன் 2007

அன்புள்ள அக்கா, மனாங் நெல்டாவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உன் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இருக்கும் என்றும், அத்தான் மனோங் இஸ்கோ படகும் கையுமாகச் சுகமாக இருப்பார் என்றும் நம்பி எழுதுகிறேன். நாங்கள் நால்வரும் நலம். என் முதுகைத் தவிர.

சென்ற ஆண்டு ஜனவரியில் நகராட்சி முற்றத்தில் எனக்கு விடை கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? முழுப் பன்றி சுட்டிருந்தார்கள். மேயர் பேசினார், பாதிரியார் பேசினார், மீன் மார்க்கெட் சங்கத் தலைவி அழுதுகொண்டே பேசினாள். சான் ரோகே அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருடம் டாக்டராக இருந்தவன், நர்ஸாகி அமெரிக்கா போகிறான் என்று எல்லோருக்கும் பெருமை. நீ மட்டும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இன்னும் போகவில்லை. அந்த வருடக் கடைசியில் அங்கே நர்ஸ்களுக்கான விசா தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். என் கோப்பு வரிசையில் நிற்கிறது. சனி ஞாயிறுகளில் நர்ஸிங் வகுப்பில் உட்கார்ந்து, பாதி வகுப்பு டாக்டர்களாக இருக்க, ரத்த அழுத்தம் பார்ப்பது எப்படி என்று ஒரு சின்னப் பெண் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டு, ஹாங்காங் வரை போய் அமெரிக்க நர்ஸ் பரீட்சை எழுதித் தேறியதெல்லாம் இதற்குத்தான். இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் சம்பளமில்லாத தொண்டு நர்ஸ். நோயாளியின் மூத்திரச் சட்டியை எடுக்கிறேன். இந்த அனுபவச் சான்றிதழ் விட்டுப்போனால் அமெரிக்க முதலாளி என்னைக் கைவிட்டுவிடுவான்.

உன்னிடம்தான் கேட்க வேண்டும். முப்பத்தேழு வயதில் கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, மீன்பிடிப்பவரைக் கட்டிக்கொண்டவள் நீ. வாழ்க்கையை நடுவில் மாற்றினால் என்ன ஆகும் என்று நம் குடும்பத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். ஏன் எனக்குச் சொல்லவில்லை? நீ வருந்தியதுண்டா, இல்லையா?

கோபமாகத்தான் கேட்கிறேன். ஆனால் நிஜமாகவே தெரிந்துகொள்ளவும் ஆசைப்படுகிறேன்.

ரொவேனாவும் பிள்ளைகளும் உனக்கு முத்தம் அனுப்பச் சொன்னார்கள்.

உன் தம்பி,
ஆர்செனியோ


சான் ரோகே, அந்திகே
2 ஜூலை 2007

அன்புத் தோதோ,

கடிதம் கிடைத்தது, தம்பி. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சௌக்கியம். முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. டாக்டருக்கு நான் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதே.

மழை பிடித்துவிட்டது. சந்தையில் உன்னைக் கேட்பவர்களிடம் ‘நன்றாக இருக்கிறான்’ என்று மட்டும் சொல்கிறேன். எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நீ அமெரிக்காவில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். பனி பெய்கிறதா என்று பாதிரியார் கேட்டார்.

உன் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. டாக்டர் ரெய்மார் தனியாகத்தான் பார்க்கிறான். நீ போகிற வருடம் சேர்ந்தானே, மெலிந்த பையன், அவன்தான். இப்போது கொஞ்சம் சதை போட்டிருக்கிறான்.

இஸ்கோ இந்த மாதம் படகை அதிகம் எடுக்கவில்லை. கடல் சரியில்லை. அவருக்குக் கருவாடு அனுப்ப வேண்டுமாம் உனக்கு. அடுத்த பஸ்ஸில் வரும்.

உன் மனாங்,
நெல்டா


இலோயிலோ
9 ஜூலை 2007

அன்புள்ள மனாங்,

கருவாடு வந்தது. அதன் வாசனையில் எங்கள் மாடிக்காரர் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மனோங் இஸ்கோவுக்கு நன்றி சொல். உன் உடம்பைப் பற்றி நீ எழுதவில்லை.

நான் கேட்ட கேள்விக்கும் பதில் எழுதவில்லை.

சரி, நானே தொடங்குகிறேன். எந்த நோயாளியிடமும் கேட்பதைப் போல என்னையே கேட்டுப் பார்க்கிறேன். எங்கே வலிக்கிறது, எப்போது கூடுகிறது, எதைச் செய்தால் தணிகிறது? வினோதமாக இருக்கிறது, மனாங். மூத்திரச் சட்டி தூக்கும்போது வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலிக்கவில்லை. இடுப்பு உடைந்த கிழவர்களைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்கும்போது ஒரு திருப்தி கூட இருக்கிறது. டாக்டராக இருந்தபோது அவர்களின் முதுகை நான் பார்த்ததே இல்லை என்று தோன்றுகிறது.

வலிப்பது வேறு இடத்தில். சாயந்திரம் டாக்டர்கள் வார்டைச் சுற்றி வருவார்கள். நான் பின்னால் தட்டைப் பிடித்துக்கொண்டு போவேன். அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள். எனக்கு விடை தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. அந்தக் கால் மணி நேரமும் தட்டில் இருக்கும் கத்தரிக்கோல்களை எண்ணிக்கொண்டே நடப்பேன். பிறகு அந்த இரவெல்லாம் ரொவேனாவின் அண்ணன் பெஞ்சியைத் திட்டிக்கொண்டே கிடப்பேன். அவன்தானே கலிஃபோர்னியாவிலிருந்து வீட்டுப் படம், கார் படம், புல்வெளிப் படம் என்று அனுப்பினான். ‘மச்சான், அங்க டாக்டரா இருந்து என்ன சாதிச்சே? இங்க நர்ஸா இருந்தா புள்ளைங்க தலையெடுக்கும்’ என்றானே. பெஞ்சியை நான் மன்னிக்கப் போவதில்லை. மேயரையும். மாகாண மருத்துவ அதிகாரியையும். அவர் எனக்குப் பதில் கடிதம் கூட எழுதாமல் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார்.

உனக்கு எங்கே வலிக்கிறது? மணி அடிக்கும் சத்தத்தில்? கோயிலில்? எங்கே?

தம்பி,
ஆர்செனியோ


இலோயிலோ
20 ஆகஸ்ட் 2007

மனாங்,

நலமா? ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தொலைபேசியில் கேட்கலாம் என்றால் நகராட்சி எதிரே தொலைபேசி வைத்திருக்கும் கடைக்காரி எப்போதும் ‘அவங்க இல்லையே டாக்டர், அப்புறம் கூப்பிடுங்க’ என்கிறாள். அவள் குரலில் ஒரு தடுமாற்றம்.

கேள்வி உன்னைப் புண்படுத்தியிருந்தால் விட்டுவிடு. ஒரு வரி போதும்.

ஆர்செனியோ


சான் ரோகே
15 செப்டம்பர் 2007

அன்புத் தோதோ,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கொஞ்சம் வேலை இருந்தது. இஸ்கோ சௌக்கியம். படகை விற்றுவிட்டோம். வயதாகிறது அல்லவா. காலையில் அவருக்குக் காபி கொடுத்தால் இடது கையில் வாங்கிப் பாதியைக் கீழே கொட்டிவிடுகிறார், கவனமே இல்லை. ரொவேனாவுக்கு என் அன்பு.

உன் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. இஸ்கோவுக்கும் தெரியாது.

வருந்தியிருக்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருடம் அது தாங்க முடியாமல் போயிற்று. சாப்பாட்டு வேளையில்தான். மடத்தில் சாப்பிடும்போது யாரும் பேச மாட்டோம், ஒருவர் மட்டும் எதையாவது வாசிப்பார். இங்கே இஸ்கோவும் அவர் தம்பிகளும் மேசையில் சேவல் சண்டையைப் பற்றிக் கத்துவார்கள். எழுந்து போய் அடுப்படியில் நின்று சாப்பிடுவேன். பதினேழு வருடத்தை எதற்காகத் தூக்கி எறிந்தேன் என்று நினைப்பேன்.

ஒருநாள் பல் பிடுங்கப் போகிறேன் என்று இஸ்கோவிடம் பொய் சொல்லி, பஸ் ஏறி மடத்துக்கே போய்விட்டேன். விருந்தினர் அறையில் மூன்று நாள் தங்கினேன். சிஸ்டர் பூரிஃபிகாசியோன் கேட்டாள்:

‘திரும்பி வரலாம்னு வந்தியா?’

‘பார்க்கலாம்னு வந்தேன், சிஸ்டர்.’

‘பார்த்தாச்சா?’

‘பார்த்துக்கிட்டு இருக்கேன்.’

‘பார்த்து முடிச்சதும் வந்து சாப்பிடு. சூப் ஆறுது.’

மேசையில் அதே மௌனம். ஆனால் நான் மறந்துபோன ஒன்று இருந்தது. அங்கே யாரும் பேசாததற்குப் பாதி காரணம் விதி. மறுபாதி, ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த கோபம். ஐந்து பேர் சமையலறை வேலையை யார் செய்வது என்பதைப் பற்றி மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே அமைதியாகச் சூப் குடித்தார்கள். நானும் அந்தக் காலத்தில் அப்படித்தான் குடித்திருப்பேன்.

ஆனாலும் அங்கே உண்மையாகவே நான் விட்டுவந்தது ஒன்று இருந்தது. மடத்துப் பள்ளியில் நான் பாடம் நடத்திய ரசாயனக் கூடம். அதில் நின்றதும் அழுகை வந்துவிட்டது. அதற்கு மடம் தேவையில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது. வந்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கேட்டேன். நான் எடுக்கும் சனிக்கிழமை ரசாயன வகுப்பு அப்படித்தான் வந்தது. ஏதோ சமூக சேவை என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டீர்கள்.

மௌனம் கிடைக்கவில்லை. அது இன்னும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. அந்த நினைப்பு வரும்போது மீனைக் கழுவப் போய்விடுவேன்.

பல்லுக்கு என்ன ஆயிற்று என்று இஸ்கோ இன்றுவரை கேட்கவில்லை.

நெல்டா


இலோயிலோ
8 அக்டோபர் 2007

அன்புள்ள மனாங்,

உன் கடிதத்தை நாலைந்து முறை வாசித்தேன். மனோங் இஸ்கோவுக்கு என் வணக்கம். இங்கே டெங்கு மோசமாக இருக்கிறது. உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளை மூடி வை.

ஒன்று நடந்துவிட்டது. வேலை போகாமல் தப்பியது ஆச்சரியம்.

போன வாரம் வார்டில் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. நான்கு நாள் காய்ச்சல். அன்று காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் வலது அடிவயிற்றில் வலி. படுக்கையைச் சரிசெய்யும் சாக்கில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். நர்ஸ் செய்யக் கூடாதது. பலகை போல இறுகியிருந்தது. குடல்வால் வீக்கம். பதினெட்டு வருடக் கை சொல்லியது.

அன்று பொறுப்பில் இருந்தது டாக்டர் பியாங்கா. வயது இருபத்தேழு இருக்கும்.

‘டாக்டர், அந்தப் பொண்ணுக்கு குடல்வால். சர்ஜனைக் கூப்பிடுங்க.’

அவள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ‘சார், இன்னைக்கு நீங்க நர்ஸா, டாக்டரா? சொல்லிட்டீங்கன்னா அதுக்கேத்த மாதிரி பதில் சொல்றேன்.’

‘வயித்தைத் தொட்டுப் பார்த்தீங்களா?’

‘பார்த்தேன். ரத்தமும் பார்த்தேன். வெள்ளையணு குறைஞ்சிருக்கு. குடல்வால்னா ஏறணும். தட்டணு வேற இறங்குது. ஆறு மணிக்கு மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் யாரும் கத்தியை எடுக்கப் போறதில்ல.’

‘ஆறு மணிக்குள்ள வெடிச்சுட்டா?’

‘வெடிச்சா என் பேர்ல எழுதிக்கிறேன். நீங்க தயவுசெஞ்சு போய் சலைனை மாத்துங்க.’

மனாங், நான் சலைனை மாற்றவில்லை. அவள் தலைக்கு மேல் சர்ஜனையே தொலைபேசியில் கூப்பிட்டேன். டாக்டர் ஆர்செனியோ பேசுகிறேன் என்று சொன்னேன். அவரும் டாக்டர்தான் பேசுகிறார் என்று நினைத்து, விருந்தை விட்டு ஓடிவந்தார். அறுவை அறையைத் தயார்செய்யச் சொல்லிவிட்டார். அதற்குள் ஆறு மணி ரத்தம் வந்துவிட்டது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு பாதியாக விழுந்திருந்தது. காலில் சிவப்புப் புள்ளிகள் அப்போதுதான் கிளம்பின. டெங்கு. காய்ச்சல் இறங்கும் நாளில் வயிறு அப்படி வலிக்கும், குடல்வால் போலவே நடிக்கும். கத்தி வைத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது.

நான் சொன்னது தப்பு.

சர்ஜன் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். தலைமை நர்ஸ் விளக்கம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாள். டாக்டர் பியாங்கா மட்டும் என்னிடம் ‘சார், சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டாள். அதை நான் எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பெண் பிழைத்துவிட்டாள். நேற்று வீட்டுக்குப் போனாள்.

இப்போது நீ வியக்கப்போகும் விஷயம். அன்று இரவு அவமானத்தில் செத்துப்போவேன் என்று நினைத்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். இரண்டு வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை. ஏன் என்று இத்தனை நாளாக யோசிக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது. நான் ஏங்கிக்கொண்டிருந்தது ஒரு டாக்டருக்காக. அந்த டாக்டர் ஒருநாளும் தப்புச் செய்யாதவன், அவனிடம் மருந்து தீர்ந்துபோனதில்லை, மேயரின் மச்சானுக்குப் பொய்ச் சான்றிதழ் கேட்டு யாரும் அவனை மிரட்டியதில்லை. அப்படி ஒருவன் சான் ரோகேயில் இருந்ததே இல்லை. இங்கே இருக்கும் வாழ்க்கையின் மோசமான சாயந்திரத்தை எடுத்து, அங்கே இருந்த வாழ்க்கையின் நல்ல காலையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தப் பரிசோதனைச் சாலையிலும் அந்த ஒப்பீட்டை ஏற்க மாட்டார்கள்.

அந்தக் கற்பனை டாக்டர் போன பிறகு மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். கொஞ்சம் இருக்கிறது. வயிற்றில் கையை வைத்து, இது என்ன என்று திகைக்கும் அந்த ஒரு நிமிடம். சரியாகச் சொல்வதைவிட, அந்தத் திகைப்புதான் எனக்கு வேண்டியிருக்கிறது போல. உன் ரசாயனக் கூடம் மாதிரி.

ஆர்செனியோ


சான் ரோகே
3 நவம்பர் 2007

அன்புத் தோதோ,

கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா இருவருக்கும் உன் பெயரிலும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எல்லோரும் சுகம்.

ஊர்ச் செய்தி ஒன்று. டாக்டர் ரெய்மார் இலோயிலோவில் நர்ஸிங் வகுப்பில் சேர்ந்திருக்கிறான். வெள்ளி சாயந்திரம் பஸ் ஏறினால் ஞாயிறு இரவுதான் வருகிறான். அந்த இரண்டு நாளும் மருத்துவமனையில் டாக்டர் இல்லை. யாருக்காவது ஏதாவது ஆனால் அடுத்த ஊருக்கு ஜீப்பில் போக வேண்டும். வருடக் கடைசிக்குள் இரண்டாவது டாக்டர் வராவிட்டால் படுக்கைகளை எடுத்துவிட்டு வெறும் மருந்தகமாக ஆக்கிவிடுவார்களாம்.

உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன். வேறொன்றும் இல்லை.

இந்த முறை கருவாடு அனுப்பவில்லை. உன் மாடிக்காரர் பாவம்.

நெல்டா


இலோயிலோ
2 டிசம்பர் 2007

அன்புள்ள மனாங்,

நலமா? இங்கே எல்லோரும் நலம், ரொவேனா கொஞ்சம் அதிர்ச்சியில் இருக்கிறாள்.

மாகாண மருத்துவ அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். என் பழைய இடத்தைக் கேட்டேன். டாக்டர் உரிமத்தை நான் விடாமல் புதுப்பித்து வந்ததால் தடை ஒன்றும் இல்லை. ஆனால் சம்பளம் புதிதாகச் சேர்ந்தவனுக்கு உள்ளது. பதினெட்டு வருடமும் கணக்கில் வராது. பிப்ரவரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். அதிகாரி என்னை ஏளனமாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

இதனால் என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். வார்டில் நர்ஸ் வேலை செய்யாத நாட்கள் கூடினால் அமெரிக்க முதலாளி என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வான். வரிசையில் என் இடம் காற்றோடு போகும். பிள்ளைகளின் படிப்பும் அதோடு. பெஞ்சி கூப்பிட்டுக் கத்தினான்: ‘மச்சான், பைத்தியமா உனக்கு? வரிசை இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நகரும். மூணு வருஷம் படிச்சதை ஆத்துல போடுறியே!’ அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு அவன் மேல் இன்னும் கோபம்.

ரொவேனாவிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

‘இப்போ திரும்பிப் போனா, அமெரிக்கா போகலையேன்னு வருத்தப்பட மாட்டியா?’

‘படுவேன்.’

‘அப்போ என்ன வித்தியாசம்?’

‘தெரியல. அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்.’

அவள் கடைசித் துணியையும் மடித்து வைத்தாள். ‘பழைய துணிக் கடையில நாலு பேருக்கும் குளிர் கோட்டு வாங்கி வச்சிருக்கேனே, அதை என்ன பண்றது?’ என்றாள். பிறகு சிரித்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் சான் ரோகே பள்ளியில் இடம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னாள்.

அலுவலகத்திலிருந்து வந்த பிறகுதான் உன் கடிதங்களை மறுபடி எடுத்து வாசித்தேன். படகை விற்றாய். மனோங் இஸ்கோ காபியை இடது கையில் வாங்கிக் கொட்டுகிறார். அவர் வலது கைக்காரர், மனாங். ஆகஸ்டு முழுவதும் நீ எழுதவில்லை. கடைக்காரி உன்னைக் கூப்பிடவே இல்லை.

இந்தமுறை என் கணிப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசை. மனோங்குக்கு எப்போது பக்கவாதம் வந்தது?

ஆர்செனியோ


சான் ரோகே
20 டிசம்பர் 2007

அன்புத் தோதோ,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உன் கணிப்பு சரி. ஜூலை கடைசியில், ஒரு சனிக்கிழமை. ரெய்மார் அப்போது எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று பார்க்க இலோயிலோ போயிருந்தான். ஜீப்பில் அடுத்த ஊர் போக இரண்டு மணி நேரம் ஆயிற்று. இப்போது நடக்கிறார், பேச்சு தெளிவாகிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் வரவில்லை.

உனக்குச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பாய். அப்படி வந்தால் எங்களுக்காக வந்ததாக ஆகியிருக்கும். ஐந்து வருடம் கழித்து அதை என் கணக்கில் எழுதுவாய். உன்னை எனக்குத் தெரியாதா?

விருந்தில் நான் ஏன் பேசவில்லை என்றுதானே முதல் கடிதத்தில் கேட்டாய். இதற்காகத்தான். அன்று நான் தடுத்திருந்தால் நீ நின்றிருப்பாய். பிறகு போகாமல் போனதற்காக என்னைத் திட்டி, அதே கடிதத்தை எழுதியிருப்பாய். இன்னும் நீளமாக.

பன்றியும் நன்றாக இருந்தது.

இஸ்கோ சொல்கிறார்: ‘டாக்டர் வர்றார்னா வரட்டும், ஆனா எனக்கு ஊசி போடக் கூடாதுன்னு முதல்லயே சொல்லிடு.’ பின் அறையைப் பிள்ளைகளுக்காகச் சுத்தம் செய்துவிட்டேன்.

உன் மனாங்,
நெல்டா


இலோயிலோ
14 ஜனவரி 2008

அன்புள்ள டாக்டர் ரெய்மார்,

உடல்நலத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வார இறுதிப் பஸ் பயணத்தில் முதுகு கெடும். முன் இருக்கையில் உட்காருங்கள்.

நீங்கள் வகுப்பில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். போக வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைச் சுற்றியும் இருந்தார்கள்.

சில கேள்விகள் மட்டும். இவற்றை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பொய். ஆனால் தெரிந்துகொண்டு போயிருப்பேன்.

வார்டில் ஒரு சாதாரண சாயந்திரம், நீங்கள் நர்ஸாக நின்றுகொண்டிருக்கிறீர்கள், விடை உங்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது. அந்த நிமிடம் உங்களுக்கு எப்படி இருக்கும்? சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. என்னோடு படித்த ஒரு கண் டாக்டர் பொறுப்பு இறங்கியது என்று நிம்மதியாகப் பாடிக்கொண்டே வேலை செய்கிறார். நீங்கள் எந்த வகை?

சான் ரோகேயில் உங்களுக்குப் பிடிக்காதது எது? அமெரிக்கா போனால் தீரக்கூடியது எது, உங்களோடேயே பெட்டியில் ஏறி வரக்கூடியது எது? விட்டுவிட்டுப் போவதில், வேறு இடத்தில் வேறு வடிவில் திரும்பக் கிடைக்கக்கூடியது எது? கிடைக்கவே கிடைக்காதது எது? கடைசியாகச் சொன்னதற்கு மருந்து கிடையாது. அது வரும் நாளில் கைக்கு ஒரு வேலை வைத்துக்கொள்வதுதான். எனக்குத் தெரிந்த ஒருவர் மீன் கழுவுகிறார்.

வரிசை நின்றுபோய் வருடக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தால், அந்த வருடங்களில் நீங்கள் யார்? இதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். டாக்டர் உரிமத்தை மட்டும் காலாவதியாக விடாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் வருந்துவீர்கள். நானும் வருந்துகிறேன். இப்போது எடுத்திருக்கும் முடிவுக்கு வருந்தப்போவதும் தெரிகிறது. முன்பு அது ஒரு எதிரி போல இருந்தது, யாரையாவது பிடித்துத் திட்டினால்தான் அடங்கும். இப்போது அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஒருவேளை வயதாவதன் அறிகுறியோ என்னவோ.

இதில் பெயர் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால், அடுத்த மாதத்திலிருந்து உங்களோடு வேலை செய்யப்போகும் மனிதனின் பெயராக அது இருக்கும். அதைப் படித்ததும் கேள்விகளை விட்டுவிட்டு, இவர் என்னை இருக்கச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா என்று யோசிப்பீர்கள். திரும்பி வந்தவன் ஆயிற்றே, வேறென்ன சொல்வான் என்றும் நினைக்கலாம். காலையில் தேநீர்க் கடையில் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பதில் எனக்கானது அல்ல.

யார் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள், கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கீழே உள்ள இடத்தை வெறுமையாகவே விட்டு, உறையை ஒட்டி, இன்றே தபாலில் போட்டுவிடப் போகிறேன்.